தொகுதிக்கு எத்தனை இடம்? தேர்தல் சீர்திருத்தக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவினருக்கு வணக்கம்.

தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வெல்லும் எளிய பெரும்பான்மை முறையை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. 1998இல் ஆப்பிரிக்க நாடான லெசோத்தோவில் சுமார் 60 சதவீத வாக்கு வாங்கிய கட்சி 80 தொகுதிகளில் 79ஐ வென்றது. ஏறக்குறைய கால்வாசி வாக்கு வாங்கிய எதிர்க்கட்சிக்கு ஒரே ஓர் இடம். கலவரம் வெடித்து, அண்டை நாட்டுப் படைகள் உள்ளே வந்தன. 2002 தேர்தலுக்குள் அங்கே வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார அடிப்படையில் 40 இடங்களைச் சேர்த்தார்கள்.

ஆனால் உங்கள் பேச்செல்லாம் ‘விகிதாசாரம்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. அதே 2002இல் துருக்கியில் நடந்ததும் விகிதாசாரத் தேர்தல்தான். நாடு முழுவதும் 10 சதவீத வாக்கு வாங்காத கட்சிக்கு இடமில்லை என்பது அப்போது அங்கே விதி. இரண்டே கட்சிகள் அதைத் தாண்டின. 34 சதவீதம் வாங்கிய கட்சி 550 இடங்களில் 363ஐ அள்ளிக்கொண்டது. நாட்டின் வாக்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை எந்தக் கட்சிக் கணக்கிலும் இடமாக மாறவில்லை.

வரம்பே வேண்டாம் என்றால் சரியாகிவிடுமா? ஆகாது. பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தொகுதியில் ஒரு லட்சம் வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். அ கட்சிக்கு 46,000, ஆ கட்சிக்கு 28,000, இ கட்சிக்கு 17,000, ஈ கட்சிக்கு 9,000. பரவலாகப் பயன்படும் டி ஹோன்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3 என வகுத்துக்கொண்டே போய், பெரிய ஈவுகளுக்கு வரிசையாக இடம் தருவார்கள். தொகுதிக்கு 3 இடம் என்றால் 46,000, 28,000, 23,000 ஆகியவை முந்துகின்றன. அ கட்சிக்கு இரண்டு, ஆ கட்சிக்கு ஒன்று. 17 சதவீதம் வாங்கிய இ கட்சி வெறுங்கையோடு போகிறது. 5 இடம் என்றால் 3, 1, 1. இ உள்ளே வந்துவிடும், ஈ வராது. 10 இடம் வைத்தால்தான் 5, 3, 1, 1 என்று நான்கு கட்சிகளும் வருகின்றன. வாக்குகள் அதேதான், ஒன்றுகூட மாறவில்லை.

வகுக்கும் எண்ணிலும் விஷயம் இருக்கிறது. அதே 5 இடங்களை 1, 3, 5 என வகுக்கும் செயிந்த்-லாகு முறையில் பிரித்தால் 2, 2, 1 வரும். அ கட்சியின் மூன்றாவது இடம் ஆ கட்சிக்குப் போய்விடுகிறது. பெரிய கட்சிகள் எந்த வகுத்தலைக் கேட்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

தொகுதியைப் பெரிதாக்கினால் ‘என் உறுப்பினர் யார்’ என்று மக்களுக்குத் தெரியாமல் போகும் என்பார்கள். நியாயமான கவலைதான், லெசோத்தோ தொகுதிகளை வைத்துக்கொண்டே கூடுதல் இடங்களைச் சேர்த்தது அதற்கு ஒரு வழி.

எனவே உங்கள் வரைவில் மூன்று எண்களை வெளிப்படையாக எழுதுங்கள்: தொகுதிக்கு எத்தனை இடம், வரம்பு எத்தனை சதவீதம், எதனால் வகுப்பீர்கள். அப்புறம் கடந்த தேர்தலின் வாக்குகளை அந்த எண்களில் போட்டு, யாருக்கு எத்தனை இடம் வந்திருக்கும் என்ற அட்டவணையையும் உடன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்