மலைநாட்டுக்கு ஓடி வந்த மரியா

அன்புள்ள செல்விக்கு,

நல்லா இருக்கியா, சின்னவன் நடக்க ஆரம்பிச்சிட்டானாமே, அம்மா சொன்னாங்க. இங்க ஹட்டன்ல குளிரு எலும்பைத் தொடுது. திருவருகைக் கால மெழுகுதிரி ஜெபம் வீட்டுல எப்படி செய்றதுன்னு கேட்டிருந்தியே, எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன்.

தாம்பாளத்துல மணல் போட்டு நாலு திரி நட்டு சுத்தி சைப்ரஸ் கொப்பு வைப்போம், அவ்வளவுதான். மூணு ஊதா, ஒண்ணு ரோஸ். ஊதா கிடைக்கலன்னா வெள்ளைத் திரி அடியில ஊதா ரிப்பன் சுத்து, மேல கட்டிராத, திரி எரிஞ்சு இறங்குறப்ப ரிப்பன்ல பிடிச்சிரும். கொப்பும் ரெண்டு வாரத்துல காஞ்சு சருகாயிரும், அதனால ரெண்டாம் ஞாயிறு முடிஞ்சதும் புதுசு வெட்டி வை.

இந்த வருசம், 2024ல, டிசம்பர் 1 முதல் ஞாயிறு. சின்னவ ஒரு திரி ஏத்துவா, நாலஞ்சு வசனம் வாசிச்சு ஒரு பரலோக மந்திரம். அடுத்த வாரம் பழசையும் ஏத்தி ரெண்டாவதையும் ஏத்தணும். முதல் திரி நாலு தடவை எரியும், கடைசி ஒரு தடவைதான். போன வருசம் சாப்பாடு முடியுற வரைக்கும் எரிய விட்டுட்டோம், மூணாம் வாரத்துலயே முதல் திரி மண்ணுல முட்டிருச்சு! இப்ப கால் மணி நேரம்தான், ஜெபம் முடிஞ்சதும் அணைச்சிருவோம்.

முதல் வாரம் லூக்கா 21:28, தலைநிமிர்ந்து நில்லுங்கன்னு சொல்ற இடம். ரெண்டாம் வாரம் லூக்கா 3, பள்ளத்தாக்கெல்லாம் நிரப்பப்படும், மலை குன்றெல்லாம் தாழ்த்தப்படும்னு வாசிச்சதும் பாட்டி சொல்லுது, “மலையைத் தாழ்த்திட்டா தேயிலையை எங்கடி நடுறது?” எல்லாரும் சிரிச்சதுல ஜெபமே பாதியில நின்னுபோச்சு. அப்புறம் அப்பாதான் சொன்னார், அது மலையை வெட்டுற கதை இல்லம்மா, அந்தக் காலத்துல ராஜா வர்றதுக்கு முன்னால ரோட்டை சரி பண்ணுவாங்களே, அந்த மாதிரின்னு. பாட்டி விடல, “அப்ப நம்ம தோட்டத்து ரோட்டுக்கு எந்த ராஜா வரணும்?”

மூணாம் வாரம் ரோஸ் திரி. திருவருகைக் காலத்துல பாதி தாண்டின சந்தோசத்துக்காக, ஃபாதர் கூட அன்னைக்கு ரோஸ் உடுப்பு போடலாம். பிலிப்பியர் 4:4, மகிழுங்கள்.

நாலாவதுதான் எனக்குப் பிடிச்சது. இந்த வருசம் அந்த வாரம் மூணே நாள், கிறிஸ்மஸ் புதன்கிழமையில்ல. லூக்கா 1:39, மரியா யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போனார்னு வரும்டி, மலைநாடுன்னே எழுதியிருக்கு! எலிசபெத்துக்கு அப்ப ஆறு மாசம், மரியா மூணு மாசம் கிட்ட தங்குறாங்க. பாட்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, “பிரசவத்துக்கு ஒத்தாசையாத்தான் போயிருக்கா”ன்னுச்சு, அப்புறம், “மலையேறி வந்த புள்ளைக்கு முதல்ல ஒரு ப்ளேன்டீ ஊத்திக் குடுத்திருப்பாளா இல்லையா?”

இப்ப சின்னவ தாம்பாளத்துப் பக்கத்துல தினம் ஒரு கப் ப்ளேன்டீ வைக்கிறா, நாங்களும் ஒண்ணும் சொல்றதில்ல. ஏப்ரல்ல லீவு கிடைச்சா பையனைத் தூக்கிட்டு வாடி.

உன்
மேரி