3 ஸ்லாட் கார்டும் 70 மி.மீ. கூலரும் சேர்ந்து நுழையாத கேபினட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

ஐயா, வணக்கம்.

உங்கள் சிறிய கம்ப்யூட்டர் கேபினட்டை வாங்கியதிலிருந்து போன், மெயில், நேரில் என்று அலைந்து களைத்துப் போய் இதை எழுதுகிறேன். நான் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மண்டபத்துக்கே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதால்தான் சிறிய கேபினட் தேடினேன்.

உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. உள்ளே நடுவில் ஒரு தகடு. ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் ரைசர் கேபிளில் கிராபிக்ஸ் கார்டு. தகட்டை இரண்டு இடங்களில் மாட்டலாம். கார்டின் தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள், ஒரு ஸ்லாட் என்பது ஏறத்தாழ 20 மி.மீ. 2 ஸ்லாட் நிலையில் மாட்டினால் மதர்போர்டு பக்கம் பிராசஸர் கூலருக்கு 70 மி.மீ. உயரம் கிடைக்கும். 3 ஸ்லாட் நிலைக்குத் தள்ளினால் அந்த 20 மி.மீ. கூலர் பக்கத்திலிருந்துதான் போகும், மிஞ்சுவது 50. ஆனால் விற்பனைப் பக்கத்தில் "3 ஸ்லாட் கார்டு, 70 மி.மீ. கூலர்" என்று ஒரே வரியில் போட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று எங்குமே இல்லை.

அதை நம்பி 58 மி.மீ. தடிமன் கார்டும் 66 மி.மீ. உயரக் கூலரும் வாங்கினேன். 3 ஸ்லாட் நிலையில் கார்டு அழகாக உட்கார்ந்தது. பக்கத் தகட்டை மூடப் போனால் கூலரின் விசிறி 16 மி.மீ. வெளியே நிற்கிறது, ஒரு விரல் தடிமன். ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். "தகட்டை 2 ஸ்லாட் நிலைக்கு மாற்றுங்கள்" என்று பதில் வந்தது. 58 மி.மீ. கார்டு 40 மி.மீ. இடத்தில் எப்படி ஐயா நுழையும்?

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் ஒருவர் சொன்னதை மறக்கவே முடியவில்லை. "அளந்து பாத்துட்டு வாங்கணும் சார், சும்மா எங்கள கேட்டா?" என்று சொல்லிவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். ஆன்லைனில் வாங்கும் பெட்டியின் உள்ளே கையை விட்டா அளக்க முடியும்? நீங்கள் போடும் எண்தானே எங்களுக்கு அளவுகோல்! அவர் பேச்சைப் பதிவு செய்திருப்பீர்கள், தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

இதற்கு முன்பே உங்கள் ஆட்கள் சொன்னார்கள் என்று கேபினட்டைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் திருச்சி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டு, "நாங்க மானிட்டர் மட்டும்தான் பாப்போம்" என்றார்கள். முதலிலேயே சொல்ல ஒரு ஆள் இல்லையா?

47 மி.மீ. கூலருக்கு மாறச் சொல்கிறீர்கள். சரி, அதையும் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். சித்திரை வெயிலில் ரெண்டர் போட்ட கொஞ்ச நேரத்திலேயே பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டு, தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முகூர்த்த சீசன் முழுக்கப் போச்சு, என் தொழிலே படுத்துவிட்டது.

பவர் சப்ளை கதையும் இதேதான். எஸ்எஃப்எக்ஸ்-எல் அளவு பவர் சப்ளையும் ஏற்கும் என்று போட்டிருக்கிறீர்கள். எஸ்எஃப்எக்ஸ் 100 மி.மீ. நீளம், எஸ்எஃப்எக்ஸ்-எல் 130. அந்த அறையின் நீளம் 145. பவர் சப்ளை உள்ளே போகிறது, உண்மைதான். ஆனால் கேபிள் பிளக்குக்கும் வளைவுக்கும் மிஞ்சுவது 15 மி.மீ. கார்டுக்குப் போகும் 16 பின் கேபிளைப் பிளக்கை ஒட்டியே மடக்கினால் பின்கள் சரியாகப் பொருந்தாமல் சூடேறி உருகும். முதல் 35 மி.மீ. நேராக வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா? கேபிளுக்கான இடத்தைக் கழித்துவிட்டு அளவு போடுவதுதானே முறை?

நீங்கள் நல்ல பொருள் செய்கிறீர்கள், தகட்டு வேலையில் குறை சொல்ல மாட்டேன். ஆகவே பணிவாகவே கேட்கிறேன். கேபினட்டின் முழு விலையையும் திருப்பிக் கொடுத்து, உங்கள் செலவில் கூரியர் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். 2 ஸ்லாட் நிலையில் கூலர் உயரம் எவ்வளவு, 3 ஸ்லாட் நிலையில் எவ்வளவு என்று தனித்தனியாக விற்பனைப் பக்கத்தில் போடுங்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் விற்பனைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், பில், ஸ்கேல் வைத்து எடுத்த படங்கள் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்