உர லொறி வந்தால் யார் MIGO திறப்பது?

மலையகத் தோட்டங்களை நடத்தும் கம்பனிகளின் நிதிப் பிரிவு, தகவல் தொழில்நுட்பப் பிரிவு அதிகாரிகளுக்கும் தோட்ட முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் பல தோட்டங்களுக்கு ஈஆர்பி என்ற கணினி அமைப்பு வந்துவிட்டது. அதைத் தடுமாறாமல் ஓட்டத் தெரிந்தவர் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு அலுவலகத்துக்கு ஒருவர்தான். அவர் பிரசவ விடுமுறையில் போகலாம், வேறு தோட்டத்துக்கு மாற்றலாகலாம், கொழும்பில் நல்ல வேலை கிடைத்துப் போய்விடலாம். அப்போதும் வேலை நின்றுவிடுவதில்லை. அவருடைய ஐடியும் பாஸ்வேர்டும் துண்டுக் கடதாசியில் மேசை லாச்சிக்குள் இருக்கும். புதிதாக வந்த பிள்ளை போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, "அக்கா, இப்ப என்ன அமத்துறது?" என்று கேட்டுக் கேட்டு முடிக்கும். கணினியில் அக்காவின் பெயர்தான் பதிவாகும். கணக்காய்வு வரும்போது அக்கா எங்கே இருக்கிறாரோ! வேலையைப் படிப்படியாகச் சொல்லும் எஸ்ஓபி ஒன்று வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இதற்குத்தான் கையேடு தந்திருக்கிறோமே என்பீர்கள். அந்தத் தடித்த கையேட்டில் திரைகளின் படங்கள் இருக்கின்றன, எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்றும் இருக்கிறது. புதிய ஆள் திணறுவது பட்டனைத் தேடி அல்ல. வந்த சரக்கும் திரையில் தெரிவதும் ஒத்துப்போகாதபோது என்ன செய்வது என்று தெரியாமல்தான் திணறுகிறார். அதை எங்கள் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேலையை வைத்தே காட்டுகிறேன். உரம் இறக்குவது. எஸ்ஏபி திரைகளை எடுத்துச் சொல்கிறேன், வேறு மென்பொருளிலும் சிக்கல் இதே மாதிரிதான்.

10,000 கிலோ யூரியாவுக்கு பிஓ, அதாவது கொள்வனவுக் கட்டளை, போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லொறியில் 50 கிலோ மூடைகள் 200 வருகின்றன. சாரதி நீட்டும் டெலிவரி நோட்டில் "200" என்றுதான் இருக்கும். ஸ்டோர்காரர் மூடைகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டு, தாளை அலுவலகத்துக்கு அனுப்புகிறார். புதியவர் சரக்கு வரவு பதிகிற MIGO திரையைத் திறந்து, Goods Receipt, Purchase Order என்று தெரிவு செய்து, பிஓ இலக்கத்தைக் கொடுக்கிறார். தாளில் 200 என்று இருப்பதால் அளவுக்கு நேரே 200 என்று அடித்து, Item OK என்ற பெட்டியில் சரி போட்டு, Post அமத்துகிறார். பதிந்துவிட்டது என்று கீழே பச்சையாகச் செய்தி வருகிறது. ஆனால் பிஓவில் இருந்த அலகு KG. 200 கிலோ வந்ததாகத்தான் கணக்கில் ஏறியிருக்கிறது. மிச்சம் 9,800 கிலோ இன்னும் வரவில்லை என்று கணினி காத்திருக்கும்.

இதே பிழை எதிர்ப்பக்கமாக நடந்தால் கணினி விடாது. பிஓ 200 BAG என்று இருந்து, ஒருவர் 10,000 என்று அடித்தால், PO Ordered quantity exceeded என்று சிவப்பாகக் காட்டி நிறுத்திவிடும். கூடினால் கத்தும், குறைந்தால் பேசாது. குறைவாக வருவது வியாபாரத்தில் சாதாரணம்தானே, அதனால் அதை அது பிழையாகவே எடுத்துக்கொள்வதில்லை. கணினி எந்த இடத்தில் பேசாமல் இருக்கும் என்பதைக் கையேட்டில் யாரும் எழுதவில்லை. அனுபவக்காரருக்கு அது தெரியும், அவர் கண் தானாகவே அலகைப் பார்த்துவிடும். "அலகைப் பார்க்கிறேன்" என்று அவரே சொல்லமாட்டார், பார்ப்பது அவருக்கே தெரியாது.

பிழை எப்போது வெளியே வருகிறது? டிவிஷன் ஒன்று 50 மூடை கேட்கும்போது. 2,500 கிலோவை 201 அசைவில் வெளியே எழுதப் போனால், முன்னிருப்பு எதுவும் இல்லாத ஸ்டோரில் Deficit of SL Unrestricted-use 2,300 KG என்று வரும். ஸ்டோரில் மூடைகள் கூரை வரை அடுக்கியிருக்கும், கணினியோ இல்லை என்று சொல்லும். உரம் போடுகிற ஆட்கள் பெரட்டில் நிற்பார்கள். சரி, மூடையைத் தூக்கிக்கொண்டு போங்கள், பிறகு எழுதலாம் என்று யாராவது சொல்வார்கள். அன்றிலிருந்து ஸ்டோர் புத்தகமும் கணினியும் வேறு வேறு பாதையில் போகும். இன்னொரு பக்கம், உரக் கம்பனியின் பில் 10,000 கிலோவுக்குக் கொழும்புக்குப் போயிருக்கும். அங்கே பில்லைப் பதிய MIRO போடும்போது வரவும் பில்லும் பொருந்தாததால், வழக்கமான அமைப்பில் கொடுப்பனவு தடைபடும். அவர்கள் போன் எடுப்பது தோட்டத்துக்குத்தான்.

திருத்துவதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. எதுவும் வெளியே போகவில்லை, பில்லும் பதியவில்லை என்றால் வேலை சுலபம். MIGO திரையில் Cancellation, Material Document தெரிவு செய்து, பழைய ஆவண இலக்கத்தைக் கொடுத்தால் 102 என்று ரத்தாகும். அப்புறம் 10,000 என்று புதிதாக 101, அதாவது வரவுப் பதிவு, போடலாம். பில் பதிந்திருந்தால், பொருள் வரவை அடிப்படையாக வைத்துப் பில்லைச் சரிபார்க்கும் பிஓக்களில், முதலில் தலைமை அலுவலகம் MR8M மூலம் அந்தப் பில்லை ரத்துச் செய்ய வேண்டும். அதற்கு முன் தோட்டத்தில் எத்தனை தடவை முயன்றாலும் 102 போகாது. அந்த 200 கிலோவும் ஏற்கனவே ஒரு டிவிஷனுக்கு எழுதப்பட்டிருந்தால், ரத்துச் செய்ய ஸ்டோரில் கணக்குப்படி இருப்பே கிடையாது. அப்போது வெளியே எழுதியதை 202 போட்டு முதலில் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அதே டெலிவரி நோட் இலக்கத்தோடு 9,800 கிலோவுக்கு இன்னொரு 101 போடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. குறைவாகக் கிளறினால் போதும், பழைய பதிவும் அப்படியே நிற்கும். ஒரு டெலிவரி நோட்டுக்கு ஒரே ஆவணம்தான் வேண்டும் என்று உங்கள் கணக்காய்வாளர் சொன்னால் முதலாவது வழி. எது என்று நீங்கள் தீர்மானித்து எழுத வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொருவர் தமக்குத் தெரிந்தபடி செய்வதற்கு எழுதப்படாத முடிவுதான் காரணம்.

ஆகவே நான் கேட்கிற எஸ்ஓபி "அளவை உள்ளிடவும்" என்று நிற்காது. அந்தப் படி இப்படி இருக்க வேண்டும்: "அளவுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். KG என்றால் மூடை எண்ணிக்கையை மூடையில் அச்சிட்டுள்ள எடையால் பெருக்கி அடியுங்கள். BAG என்றால் எண்ணிக்கையை மட்டும் அடியுங்கள். Post செய்ததும் ME23N திறந்து, அந்தப் பிஓவின் Purchase Order History என்ற பகுதியில் 101 என்ற வரியைப் பாருங்கள். முழு லொறியும் வந்துவிட்டது என்றால் அந்த வரியின் அளவும் பிஓ அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எதையும் வெளியே எழுதாமல் நிறுத்துங்கள்." செய்வது, சரியா என்று பார்ப்பது, சரியில்லையென்றால் நிற்பது, இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அந்த History பகுதி இன்னொன்றுக்கும் உதவும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கரன்ட் போவதும் லைன் அறுவதும் புதினமில்லை. Post அமத்திய கையோடு திரை உறைந்துவிட்டால், பதிந்ததா இல்லையா? புதியவர் மறுபடியும் போடுவார். லொறி 80 மூடையோடு மட்டும் வந்த நாளில் இரண்டு தடவை போட்டாலும் 160தான், 200ஐத் தாண்டாததால் கணினி வாயே திறக்காது. லைன் வந்ததும் முதல் வேலை History பார்ப்பது, அதில் அந்த லொறிக்கான வரி இல்லையென்றால் மட்டுமே மறுபடி போடுவது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

குறைவாக வந்த லொறிக்கும் இரண்டு கதை உண்டு. மிச்சம் அடுத்த வாரம் வரும் என்றால் பிஓவைத் திறந்தபடி விட வேண்டும். இனி வராது என்றால் Delivery Completed என்ற குறியைப் போட்டு மூட வேண்டும். போடாமல் விட்டால், வராத உரம் வரப்போகிறது என்று உங்கள் அறிக்கைகளில் கிடக்கும். இதைத் தீர்மானிப்பது புதிய கிளாக்கரின் வேலையில்லை. யாரிடம் கேட்பது என்று பதவியைச் சொல்லி எழுதுங்கள். பெயரை எழுதினால் அடுத்த மாற்றலோடு அந்தத் தாளும் செத்துவிடும்.

Posting Date பற்றியும் ஒரு வார்த்தை. லொறி 31ஆம் திகதி பின்னேரம் வந்து, பதிவு 1ஆம் திகதி காலையில் நடந்தால், அந்த இடத்தில் தானாக 1ஆம் திகதிதான் நிற்கும். கவனிக்காமல் விட்டால் உரம் அடுத்த மாதக் கணக்கில் ஏறிவிடும். முந்திய மாதத்தை எந்த நாள், எத்தனை மணி வரை திறந்து வைப்பீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதை எஸ்ஓபியில் போடுங்கள்.

யார் எழுதுவது என்பதில்தான் நீங்கள் வழக்கமாகச் சறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். தெரிந்தவரிடமே "எழுதித் தா" என்று கேட்கிறீர்கள். மாத முடிவு வேலைகளுக்கு நடுவில், தனக்குப் பழகிப்போனதையெல்லாம் விட்டுவிட்டு அவர் ஒரு பக்கம் எழுதித் தருவார். அவர் வேலை செய்யட்டும், பக்கத்தில் இருந்து இன்னொருவர் எழுதட்டும். உண்மையான லொறி வந்த நாளில், டெலிவரி நோட் கையில் இருக்கும்போது. பிறகு இந்த வேலையைச் செய்தே இராத மூன்றாவது ஆள், பரீட்சார்த்த அமைப்பில் அந்தத் தாளை மட்டும் வைத்துச் செய்து பார்க்கட்டும். தெரிந்தவர் அதே அறையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. மூன்றாவது ஆள் எங்கே நிமிர்ந்து பார்க்கிறாரோ அங்கே ஒரு வசனம் குறைகிறது என்று அர்த்தம். 180 மூடை மட்டும் வந்த லொறியையும் அவரிடம் கொடுத்துப் பாருங்கள், தாள் அங்கேதான் கிழியும்.

தாளின் மொழி தமிழாகவும் சிங்களமாகவும் இருக்கட்டும், யார் அந்தக் கதிரையில் இருக்கிறாரோ அவருடைய மொழி. திரையில் உள்ள சொற்களை மட்டும் திரையில் உள்ளபடியே ஆங்கிலத்தில் விடுங்கள். Delivery Note என்று தெரியும் இடத்தை அழகாக மொழிபெயர்த்து எழுதினால் பிள்ளை அதைத் திரையில் தேடிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் எழுதினாலும் புதியவருக்குச் சொந்த ஐடி இல்லாவிட்டால் லாச்சித் துண்டுக்குத்தான் திரும்புவார். ஆள் சேர்ந்த அன்றே ஐடி கேட்டு விண்ணப்பிப்பது எஸ்ஓபியின் முதல் படியாக இருக்கட்டும். MIGO திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், உடனே SU53 அடித்து அந்தத் திரையைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த அனுமதி குறைகிறது என்று அதிலேயே இருக்கும், போனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வரவு பதிகிறவருக்கே பில் பதிகிற அனுமதியையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லா வேலைக்கும் ஒரேயடியாக எஸ்ஓபி கேட்கவில்லை. செக்ரோலுக்கும் கொழுந்து வரவுக்கும் பிறகு வரலாம். அடுத்த உர ரவுண்டுக்கு முன், ஒரு தோட்டத்தில், உரம் இறக்கும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுதிப் பாருங்கள். எங்களுக்கு வேண்டியது இரண்டுதான். பரீட்சார்த்த அமைப்பில் ஒரு ஐடி, எழுதுகிறவருக்கு மாத முடிவு வேலையில் விழாத ஒரு முழு நாள். முகாமையாளர் சம்மதித்தால் எங்கள் தோட்டத்திலேயே தொடங்கலாம், உட்கார்ந்து எழுத நான் தயார்.

இப்படிக்கு,
தோட்ட அலுவலக கிளாக்கர் ஒருவர்