நீங்கள் எரித்த கப்பல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலுக்கு ஏழு முறை கப்பற்படை நடத்திய சீனத் தளபதி செங் ஹே பற்றி ஒரு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் அழகாக இருந்தன. முடிவில் ஒரு வரி: "திடீரென்று சீனர்களுக்குக் கடல் என்றாலே அச்சம் வந்தது; பேரரசர் கப்பல்களை எல்லாம் கொளுத்தச் சொன்னார்." எந்தப் பேரரசர்? எந்த ஆண்டு? எந்தத் துறைமுகத்தில்? ஒன்றுக்கும் பதில் இல்லை. இவ்வளவு பெரிய நெருப்பை மூட்டியவர் தீக்குச்சி எங்கே கிடைத்தது என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஆணை ஒன்று இருந்தது, உண்மைதான். செங் ஹேயை அனுப்பிய யுங்லோ பேரரசர் 1424 ஆகஸ்டில், மங்கோலியர் மேல் படையெடுத்துப் போய்த் திரும்பும் வழியில் இறந்தார். அவருடைய மகன் ஹொங்ஷி செப்டம்பர் 7ஆம் தேதி அரியணை ஏறினார். அன்றைக்கே ஆணை வந்தது. மேலைக் கடலுக்குப் போகும் கப்பல்கள் நிறுத்தப்படுகின்றன; தென்கிழக்குக் கரையின் ஃபூஜியனிலும் யாங்சி ஆற்று முகத்தின் தைசாங்கிலும் நங்கூரமிட்டு நிற்பவை நான்ஜிங்குக்குத் திரும்ப வேண்டும்; புதுக் கப்பல் கட்டும் வேலையையும் நிறுத்த வேண்டும். "திரும்ப வேண்டும்" என்பதற்கு "எரிக்க வேண்டும்" என்று பொருள் கொள்ளும் அகராதி உங்கள் அலுவலகத்தில் இருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அதே ஆணையில் இன்னொன்றும் உண்டு. வடமேற்கு எல்லையில் குதிரை வாங்க ஆள் அனுப்பும் வழக்கத்தையும் புதுப் பேரரசர் நிறுத்தினார். அப்படியானால் சீனர்களுக்குக் குதிரை மேலும் அச்சம் வந்துவிட்டதா? செலவுக் கணக்குதான் விஷயம். ஷியா யுவான்ஜி என்ற நிதி அமைச்சர், மங்கோலியப் படையெடுப்புக்குப் பணம் இல்லை என்று சொன்னதற்காக 1421இல் சிறைக்குப் போனவர். யுங்லோ இறந்ததும் அவரைத்தான் முதலில் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ஆணையின் பின்னால் இருந்தது அவருடைய கணக்குப் புத்தகம்.

அந்தக் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைக் கடைசிப் பயணத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ஏழு பயணங்களில் அதற்குத்தான் நாள்வாரிக் குறிப்பு இருக்கிறது. உங்கள் கட்டுரையாளரோ "காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தன" என்று எழுதிவிட்டார். காற்றைக் கிழித்த கப்பல் எதுவும் இல்லை. காற்றுக்காகக் காத்துக் கிடந்த கப்பல்கள்தான் இருந்தன.

27,550 பேர். ஃபூஜியன் கரையிலிருந்து 1432 ஜனவரி 12 அன்று வாடைக்காற்றைப் பிடித்துக் கிளம்பினார்கள். இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டின் வழியாக ஜாவாவின் சுரபாயாவை மார்ச் 7இல் தொட்டார்கள். அங்கே காற்று மாறும்வரை ஜூலை 13 வரை கிடந்தார்கள், நான்கு மாதத்துக்கு மேல். பிறகு பாலெம்பாங், மலாக்கா. மலாக்காவில் ஒரு மாதம். சுமாத்ராவின் வடமுனையில் சமுத்ரா என்ற துறை. வங்கக் கடலைக் குறுக்கே கடக்க வாடை மறுபடி எழ வேண்டும் என்பதால் அங்கே செப்டம்பர் 12 முதல் நவம்பர் 2 வரை. அப்புறம் 26 நாளில் இலங்கையின் பேருவளை. டிசம்பர் 10 அன்று கோழிக்கோடு. மறு ஆண்டு ஜனவரி 17 அன்று பாரசீக வளைகுடா வாயிலில் ஹோர்முஸ்.

திரும்பும்போது கதையே வேறு. கோழிக்கோட்டிலிருந்து ஏப்ரல் 9 அன்று கிளம்பியவர்கள் 16 நாளில் சமுத்ரா போய்விட்டார்கள். ஜூலை 7 அன்று தைசாங். போகும்போது ஃபூஜியனிலிருந்து கோழிக்கோடு வரப் பதினோரு மாதம். திரும்பும்போது கோழிக்கோட்டிலிருந்து யாங்சி முகத்துக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடலோரத்தில் வளர்ந்த எவருக்கும் இது வியப்பாக இருக்காது. ஆனால் 27,550 வயிறு சுரபாயாவில் நான்கு மாதம் கரையில் கிடந்தால் அரிசி யார் கொடுப்பது என்ற கேள்வி நிதி அமைச்சருக்கு இருந்திருக்கும், இல்லையா?

இதோடு சேர்த்து ஒரு பழைய மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாண்டுக்கு முன் இதே இணைப்பில் 450 அடி நீளக் கப்பலை வரைந்து, பக்கத்தில் கொலம்பஸின் கப்பலைச் சுண்டைக்காய் போல் வைத்திருந்தீர்கள். அப்போதே எழுதினேன், இடம் இல்லை போலும். அந்த அளவு மிங் அரச மரபின் வரலாற்று நூலில் இருப்பது உண்மை. ஆனால் மரக் கப்பல் அவ்வளவு நீளமானால் நடுவயிற்றை அலை தூக்கும், இரண்டு முனைகளும் தொங்கும், பலகை இணைப்புகள் பிளந்து தண்ணீர் ஏறும். 1909இல் அமெரிக்காவில் கட்டிய 'வயோமிங்' என்ற ஆறு பாய்மரக் கப்பலுக்கு மேல்தள நீளம் 350 அடி அளவுதான். இரும்பு வரிந்து கட்டியும் அது நெளிந்துகொண்டே இருந்தது, நீராவி பம்பு வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள், 1924இல் மூழ்கியது. நான்ஜிங் கப்பல் தளத்தில் 1957இல் 11 மீட்டர் நீளச் சுக்கான் தண்டு கிடைத்தது. பெரிய கப்பல்தான், மறுக்கவில்லை. ஆனால் பல ஆய்வாளர்கள் 200 முதல் 250 அடிக்கு மேல் போகத் தயங்குகிறார்கள். அதுவே போதுமான அளவு பெரிது. ஊதிக் காட்ட வேண்டியதில்லை.

கோழிக்கோட்டுக்கு வருவோம். அங்கே என்ன நடந்தது என்று மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போன மா ஹுவான் எழுதி வைத்திருக்கிறார். சீனர் கொண்டுவந்த பட்டுத் துணியையும் மற்ற சரக்கையும் ஒவ்வொன்றாக விலை பேசுவார்கள். அரசரின் அலுவலர், செட்டிகள், கணக்கர், தரகர், சீனத் தரப்பினர் எல்லோரும் கூடி ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வார்கள். "இன்ன மாதம் இன்ன நாள் கைகோத்து விலை முடித்தோம், ஏறினாலும் இறங்கினாலும் மாற்றம் இல்லை" என்று தரகர் சொல்வார். அதற்கப்புறம்தான் செட்டிகள் முத்து, பவளம், மணிகளைக் கொண்டுவருவார்கள். அது பேசி முடிய விரைவானால் ஒரு மாதம், இழுத்தால் இரண்டு மூன்று மாதம். கணக்குப் போட மணிச்சட்டம் கிடையாது. கைவிரல் கால்விரல் இருபதையும் வைத்தே தவறில்லாமல் கணக்குப் போட்டார்கள் என்று அவர் வியக்கிறார்.

தேதிகளோடு இதை ஒட்டிப் பாருங்கள். கடைசிப் பயணத்தில் முதன்மைக் கப்பல்கள் கோழிக்கோட்டில் நின்றது நான்கே நாள். பேரம் முடிய மூன்று மாதம் வரை ஆகும். ஹோர்முஸ் போய்க் கோழிக்கோட்டுக்குத் திரும்பி வந்தது மார்ச் 31. அதாவது சரக்கையும் ஆட்களையும் இறக்கிவிட்டுப் போய், திரும்பும் வழியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஆப்பிரிக்காவுக்குப் போனதும் இப்படிப் பிரிந்து போன கப்பல்கள்தான். மொகதிசு, பிராவா, மாலிந்தி எல்லாம் கிளைப் பயணங்கள். உங்கள் இணைப்பில் வழக்கம்போல ஒட்டகச்சிவிங்கிப் படம் பாதிப் பக்கம். அரண்மனைக்கு 1414இல் வந்த முதல் ஒட்டகச்சிவிங்கி ஆப்பிரிக்கத் தூதரோடு வரவில்லை; வங்காள அரசர் அனுப்பியது. மாலிந்தியிலிருந்து மறு ஆண்டு இன்னொன்று வந்தது. நல்லாட்சி நடக்கும்போது தோன்றும் 'சீலின்' விலங்கு இதுதான் என்று அரண்மனையில் கொண்டாடினார்கள். அண்ணன் மகனிடமிருந்து 1402இல் அரியணையைப் பறித்த யுங்லோவுக்கு அப்படி ஒரு விலங்கு தேவைப்பட்டது.

இப்போது வரவைப் பாருங்கள். மிளகு வந்தது, ஏராளமாக. அதிகாரிகளுக்கும் படைவீரருக்கும் சம்பளத்தில் ஒரு பங்கை மிளகாகவும் சாயமரமான பதிமுகக் கட்டையாகவும் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் வீட்டு வாடகையை மிளகில் கட்டச் சொன்னால் உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் கப்பற்படையை வாழ்த்துவார்கள்? பயணத்தை நடத்தியவர்கள் அண்ணகர்கள் எனப்பட்ட அரண்மனை ஊழியர்கள். செங் ஹேயும் அவர்களில் ஒருவர்தான். அரிசி, மரம், வெள்ளி கொடுத்தவர்கள் மாகாணத்து மக்கள். இந்த இரண்டு தரப்பையும் இணைத்து வைத்தது யுங்லோவின் விருப்பம் ஒன்று மட்டுமே.

இன்னொரு காரணத்தை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. வடக்கே தானியம் கொண்டுபோகக் கடல் வழிதான் முன்பு பயன்பட்டது. 1411இல் பெருங்கால்வாயின் வடபகுதியைத் தூர்வாரித் திறந்தார்கள். 1415இல் கடல் வழித் தானியப் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். கடலில் ஓடும் கப்பலுக்கு அன்றாட வேலை அதோடு போனது. தனியார் கடல் வணிகத்துக்கோ 1371 முதலே தடை. அரசின் கப்பல் நின்றதும் அந்த வேலையைச் சட்டப்படி எடுத்துச் செய்ய ஒரு வணிகரும் இல்லை. அந்தத் தடை ஃபூஜியனின் ஒரு துறைமுகத்தில் தளர்ந்தது 1567இல்தான்.

நிறுத்திய பிறகு கப்பலாட்கள் என்ன ஆனார்கள்? நான்ஜிங் காவற்படையாக அங்கேயே இருந்தார்கள், செங் ஹேயின் தலைமையில். ஹொங்ஷி ஓராண்டுக்குள் இறந்தார். அவர் மகன் ஷுவாந்தே 1430இல் மனம் மாறிக் கடைசியாக ஒருமுறை அனுப்பினார்; மேலே சொன்ன பயணம் அதுதான். கப்பல்கள் எரிந்திருந்தால் அந்த 27,550 பேரும் எதில் ஏறிப் போனார்கள்? ஷுவாந்தே 1435இல் இறந்தபோது வாரிசுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. மறுபடி அனுப்பச் சொல்ல ஆள் இல்லை. அதிகாரி ஒருவர் பயண ஆவணங்களை ஒளித்தார், எரித்தார் என்ற கதையும் 1470களைப் பற்றியது. கடைசிக் கப்பல் திரும்பி நாற்பது ஆண்டு கழித்து. கப்பலையும் காகிதத்தையும் உங்கள் கட்டுரையாளர் ஒரே அடுப்பில் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

இலங்கையின் காலி நகரில் கிடைத்த செங் ஹேயின் கல்வெட்டையும் விடுவதற்கில்லை. "சீனம், சிங்களம், பாரசீகம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தக் கல்லில் சிங்களம் ஓர் எழுத்துகூட இல்லை. சீனமும் பாரசீகமும் தவிர மூன்றாவது மொழி தமிழ். 1409 தேதியிட்ட கல். சீனப் பகுதி புத்தருக்குப் படைத்ததைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாவைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது தென்னிலங்கை விஷ்ணு கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. நான்ஜிங்கில் வெட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த தமிழ். 1911இல் ஒரு வாய்க்கால் மூடியாகக் கவிழ்ந்து கிடந்தபோது கண்டெடுத்தார்கள். தமிழ்ப் பத்திரிகை அதை மறுபடியும் கவிழ்த்துப் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு, பக்கத்தின் அடியில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: நிறுத்தும் ஆணை 1424, கடைசிக் கப்பல் திரும்பியது 1433, காலி கல்வெட்டின் மூன்றாவது மொழி தமிழ். ராசிபலனுக்கு மேலே இடம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி