பிள்ளைங்க பல்லுல வர்ற கறை பத்தி பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஸ்கூல்ல மூணாங்கிளாஸ், நாலாங்கிளாஸ் பிள்ளைங்க சில பேருக்கு பால் பல்லு விழுந்து புதுசா முளைக்கிற முன்பல்லே கறையோட வருது. ஒரு பொண்ணு யார் கூப்பிட்டாலும் வாயை கையால மூடிக்கிட்டுதான் பேசுது, அவங்க அம்மா "ஒழுங்கா பல்லு வெளக்க மாட்டேங்கிறா சார், அதான்"னு எங்கிட்ட சொன்னாங்க. அந்த பிள்ளை மேல தப்பே இல்ல, அதனாலதான் இதை எழுதுறேன்.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பூமிக்கடியில இருக்கிற பாறையிலயே ஃபுளோரைடு இருக்கு. போர் தண்ணி அந்த பாறையில ஊறி வர்றதால அதுல கரைஞ்சு வருது. ஒரு லிட்டர்ல 1 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற தண்ணியே கிடைக்காத எடத்துல 1.5 வரைக்கும்னு நம்ம நாட்டு குடிநீர் தரத்துல சொல்லியிருக்கு. அதை தாண்டின தண்ணியை சின்ன வயசுல தொடர்ந்து குடிச்சா, ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கிற பல்லோட எனாமல் சரியா கெட்டிப்படாது. எட்டு வயசுல தெரியிற முன்பல்லு கறை, பிள்ளை கைக்குழந்தையா இருந்ததுல இருந்து நாலு வயசுக்குள்ள குடிச்ச தண்ணியால வந்தது. பின்னாடி இருக்கிற பல்லுங்களுக்கு எட்டு வயசு வரைக்கும் இந்த ஆபத்து இருக்கு. அதனால இங்க படிக்கிற பிள்ளைய விட, வீட்டுல இருக்கிற தம்பி தங்கச்சிய நெனச்சுதான் நான் ரொம்ப கவலைப்படுறேன்.

எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, ஆரம்பத்துல சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளை கோடு, திட்டு பல்லுக்கு குறுக்கால தெரியும், இடது பக்கம் எந்த பல்லுல இருக்கோ வலது பக்கமும் அதே பல்லுல இருக்கும். பாதிப்பு அதிகமா இருந்தா அந்த எடம் போகப்போக மஞ்சளாகி பழுப்பாகும், ரொம்ப அதிகம்னா சின்ன சின்ன குழி விழும். சொத்தை அப்படி ரெண்டு பக்கமும் ஜோடியா வராது, ஒரு எடத்துல ஓட்டையாகி கூசும், வலிக்கும். ஃபுளோரைடு கறை எனாமலுக்குள்ளயே இருக்கிறதால தேய்ச்சா போகாது. செங்கல் பொடி, கரி, சாம்பல் போட்டு தேய்க்கிறத தயவுசெஞ்சு நிறுத்துங்க, இருக்கிற எனாமலும் தேஞ்சுடும். பெரியவங்க ஆனப்புறம் பல் டாக்டர்கிட்ட போய் மேல லேசா தேச்செடுத்தோ பல்லு கலர்ல பூச்சு வச்சோ கறைய மறைக்கலாம்.

அந்த பொண்ணு வீட்டுக்கு நானே போய் பாத்தேன். ஒகேனக்கல் குழாய் தண்ணி வருது, குடிக்கிறதுக்கு அதுதான். ஆனா சோறு, களி, குழம்பு எல்லாம் போர் தண்ணியில. பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப பால் பவுடர் கலக்குனதும் போர் தண்ணியிலதான், "நல்லா கொதிக்க வச்சுதான் சார் கொடுத்தோம்"னு பாட்டி சொன்னாங்க. கொதிக்க வச்சா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணி ஆவியாகி குறைய குறைய மிச்சத்துல இன்னும் ஜாஸ்திதான் ஆகும். கேண்டில் ஃபில்டராலயும் போகாது. ஆர்ஓ மெஷின் குறைக்கும், மெம்பரேனை சரியா மாத்திட்டு இருந்தா மட்டும்தான். இப்ப அவங்க சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணியே பிடிச்சு வைக்கிறாங்க, போர் தண்ணி துவைக்க, குளிக்க, மாட்டுக்கொட்டாய் கழுவ. தோல் வழியா அது உடம்புக்குள்ள போகாது, பயப்பட வேணாம்.

நீங்களும் இதையே செய்யுங்க, குழாய் வராத நாளுக்குன்னு தனியா ஒரு குடம் மூடி வைங்க, சுத்தமா பிடிச்ச மழைத்தண்ணி இருந்தா அதுவும் நல்லது. கைக்குழந்தைக்கு தாய்ப்பால்ல ஃபுளோரைடு ரொம்ப ரொம்ப கம்மி, அதை கொடுக்கிற வரைக்கும் கவலையில்ல. மூணுல இருந்து ஆறு வயசு பிள்ளைங்களுக்கு பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், அதுக்கும் சின்னதுங்களுக்கு அரிசி அளவு, முழுங்காம துப்புறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. பால், ராகி, முருங்கைக்கீரை கொடுங்க, கால்சியம் கூட இருந்தா உடம்பு ஃபுளோரைடை கம்மியா எடுத்துக்கும்.

எங்க போர் தண்ணி நல்லாத்தான் இனிக்குதேன்னு சில பேர் சொல்றீங்க. ஃபுளோரைடுக்கு நெறமோ ருசியோ வாசனையோ கிடையாது, டிடிஎஸ் மீட்டர்லயும் தெரியாது, டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். குடிநீர் வடிகால் வாரிய லேப்ல கொடுத்து பாக்கலாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்ல ஒரு லிட்டர், அதே தண்ணியால ரெண்டு மூணு தடவை அலசிட்டு பிடிங்க, கண்ணாடி பாட்டில் வேணாம். பாட்டில் மேல பிள்ளை பேரு, கிளாஸ், எந்த தெரு போர்னு எழுதி வர்ற திங்கட்கிழமை காலையில ஆபீஸ் ரூம்ல கொடுத்துடுங்க, சேத்து ஒண்ணா அனுப்பிடலாம். வீட்டுல அஞ்சு வயசுக்கு கீழ குழந்தை இருந்தா அதையும் எழுதுங்க, அந்த வீட்டு ரிசல்ட்டை முதல்ல கேட்டு வாங்குறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்