எட்டாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மீண்டும் தொடங்கிவிட்டது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது, அறிவியல் கண்காட்சிக்கு நல்ல கூட்டம், கபடி அணி கோப்பையோடு திரும்பியது. பங்கெடுத்த பிள்ளைகள் எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு அறிவியல் தாளில் 'பொருந்தும் அனைத்தையும் குறிக்கவும்' என்ற வகைக் கேள்விகளை முதன்முறையாகக் கேட்டிருந்தோம். விடைத்தாள் கொடுத்த அன்று மாலையே உங்களில் பலர் என் அறைக்கு வந்தீர்கள். வந்ததில் நியாயம் இருந்தது. இரண்டு பிரிவுகளையும் இரு ஆசிரியர்கள் இரு விதமாகத் திருத்தியிருந்தார்கள். விதியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதது என் தவறு.

அதிகம் பேசப்பட்ட கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். முதுகெலும்பு உள்ளவை எவை? தவளை, மண்புழு, பாம்பு, நத்தை, வௌவால், இறால். மூன்று மதிப்பெண். தவளை, பாம்பு, வௌவால் மூன்றும் சரி. மற்ற மூன்றும் தவறு.

'அ' பிரிவில் மூன்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண். தவளையையும் பாம்பையும் குறித்து வௌவாலை விட்ட பிள்ளைக்குப் பூஜ்யம். எதையுமே குறிக்காத பிள்ளைக்கும் அதே பூஜ்யம். 'ஆ' பிரிவில் சரியான டிக் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், தவறுக்குக் கழிவு இல்லை. அங்கே ஆறையும் டிக் அடித்த பிள்ளை முழுசாக மூன்று வாங்கிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அது விலங்கியல் இல்லை.

ஒரு அப்பா வேறொரு வழி சொன்னார். ஆறு விடைகளையும் ஆறு 'சரியா தவறா' கேள்விகளாகப் பார்த்து, டிக் அடிக்க வேண்டியதை அடித்ததற்கும், விட வேண்டியதை விட்டதற்கும் அரை அரை மதிப்பெண் தரலாமே என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளை வெறுமையாகக் கொடுத்த பிள்ளையும், நத்தை, இறால், மண்புழுவைச் சரியாக 'விட்டதற்காக' ஒன்றரை வாங்கிவிடும்.

ஆகவே இனி இப்படி. சரியான விடைகளுக்கு முழு மதிப்பெண்ணையும் சமமாகப் பிரித்துக் கொடுப்போம். தவறான விடைகளுக்கும் அதே மதிப்பெண்ணைச் சமமாகப் பிரித்துக் கழிப்போம். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. மேலே சொன்ன கேள்வியில் வௌவாலை விட்டவருக்கு 2. மூன்றையும் சரியாகக் குறித்துவிட்டு இறாலையும் சேர்த்தவருக்கும் 2. தவளை, பாம்பு, நத்தை என்றால் 1. எல்லாவற்றையும் குறித்தாலும் எதையும் குறிக்காவிட்டாலும் 0. இன்னொரு கேள்வியில் இரண்டு சரி, நான்கு தவறு, மதிப்பெண் 2 என்று வையுங்கள். அங்கே ஒரு தவறான டிக்குக்கு அரை மதிப்பெண்தான் போகும்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. ஐந்து சரி, ஒன்றே தவறு என்று கேள்வி அமைந்தால், அந்த ஒரே தவறான டிக் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு கேள்வியிலும் குறைந்தது இரண்டு தவறான விடைகளாவது இருக்க வேண்டும் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

"ஜேஇஇ அட்வான்ஸ்டில் ஒன்று தப்பினாலே மைனஸ் 2 ஆச்சே" என்று சிலர் கேட்டீர்கள். உண்மைதான். ஆனால் அங்கேயும், தவறாக எதையும் தொடாமல் மூன்றில் இரண்டைக் குறித்தவருக்கு நான்கில் 2 தருகிறார்கள். தவிர, அது ஆளை வடிகட்டும் தேர்வு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வௌவால் எந்த இனம் என்று தெரியுமா என்பதுதான் நமக்கு வேண்டியது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மறுதிருத்தத்துக்கு வந்த இரண்டு தாள்களில் சில டிக்குகள் வேறு மையில் இருந்தன. வீட்டில் சேர்த்தவை என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. அவற்றை நான் ஏற்கவில்லை, இனியும் ஏற்கமாட்டேன். இனிமேல் காலியாக விட்ட கட்டங்களில் ஆசிரியர் சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டுத்தான் தாளைத் தருவார். பிள்ளையே கோடு போட்டு நீக்கிய டிக், குறிக்காததாகவே கொள்ளப்படும். அப்புறம், இரவு பத்து மணிக்கு ஆசிரியரை அழைத்து அரை மதிப்பெண்ணுக்கு வாதாடுவதையும் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைப் போட்டுத் திட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். தவறு என் பக்கம் என்று மேலேயே எழுதிவிட்டேன். என்னிடம் வாருங்கள்.

இரு பிரிவுத் தாள்களையும் புதிய விதிப்படி திருத்திவிட்டோம். 'ஆ' பிரிவில் சிலருக்கு மதிப்பெண் குறையும். அதைப் பிள்ளைகளிடம் நானே வகுப்பில் விளக்குகிறேன். வரும் சனிக்கிழமை காலை தாள்களைப் பார்வையிடலாம்.

கோபத்தோடு வந்தும் பொறுமையாகக் கேட்ட பெற்றோருக்கும், நூற்றுக்கு மேற்பட்ட தாள்களை மறுபடி உட்கார்ந்து திருத்திய இரு ஆசிரியர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்