சீட்டாட்டப் பிரிவின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் இயங்கும் நமது குடியிருப்பாளர் மன்றத்தின் சீட்டாட்டப் பிரிவு, ரம்மிப் போட்டியையும் குடும்ப தின விருந்தையும் வழக்கம்போல் நடத்தி முடித்தது. சீனப் புத்தாண்டு விடுமுறையில், அண்டை வீட்டுச் சீன நண்பர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட பதின்மூன்று சீட்டுப் போக்கர் போட்டி நடைபெற்றது. பந்தயப் பணம் கிடையாது, புள்ளிகள் மட்டுமே. லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரிலேயே 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் இடம்பெற்ற ஆட்டம் இது என்பதை, இதைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கும் மூத்த உறுப்பினர்களின் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

இவ்வாண்டு என் முயற்சியெல்லாம் ஃபவுலைக் குறைப்பதிலேயே சென்றது. பின்வரிசையில் ஐந்து, நடுவரிசையில் ஐந்து, முன்வரிசையில் மூன்று எனச் சீட்டுகளை அடுக்க வேண்டும். நடுவரிசை பின்வரிசையை மிஞ்சக் கூடாது. முன்வரிசை நடுவரிசையை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் கட்டு முழுவதும் ஃபவுல். நமது கணக்கில் வரிசைக்கு ஒரு புள்ளி, மூன்றையும் வென்றால் கூடுதலாக மூன்று. ஆகவே, ஃபவுல் செய்தவர் மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஆறு வீதம் பதினெட்டுப் புள்ளிகள் கொடுக்க நேரிடுகிறது.

பெரும்பாலான ஃபவுல்கள் மோசமான சீட்டால் வந்தவையல்ல, நல்ல சீட்டால் வந்தவை. ஓர் உறுப்பினருக்கு இஸ்பேடில் ஏஸ், ஜாக்கி, 9, 6, 3 என ஐந்தும், ஆர்ட்டினில் ராஜா, ராணி, 8, 7, 4 என ஐந்தும், போதாக்குறைக்கு இரண்டு 10களும் ஒரு 5உம் வந்திருந்தன. ராஜாவும் ராணியும் சேர்ந்திருந்ததைப் பார்த்து, ஆர்ட்டின் ஃப்ளஷைப் பின்வரிசையிலும் இஸ்பேடு ஃப்ளஷை நடுவிலும் வைத்துவிட்டார். இரண்டு ஃப்ளஷ்களை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது உச்சச் சீட்டு ஒன்றை மட்டுமே. அது சமமானால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஏஸ் நடுவில் இருந்ததால் கட்டு ஃபவுலாயிற்று. இரு வரிசைகளையும் இடம் மாற்றி, 10 ஜோடியை முன்னால் வைத்திருந்தால் அந்தச் சுற்றின் மிகச் சிறந்த கட்டுகளுள் ஒன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு கட்டு சற்று நுட்பமானது. மூன்று 8, இரண்டு 5, இரண்டு ராஜா, இரண்டு ஜாக்கி, அவற்றுடன் ஏஸ், 9, 6, 2. பின்வரிசையில் 8களையும் 5களையும் சேர்த்து ஃபுல் ஹவுஸ் அமைத்த உறுப்பினர், முன்வரிசையில் இரண்டு ராஜாவை வைக்கும் ஆசையில் நடுவில் ஜாக்கி ஜோடியோடு நின்றுவிட்டார். முன்ஜோடி நடுஜோடியை மிஞ்சியது, ஃபவுல். ராஜாக்கள் முன்னால் இருக்கவே கூடாது என்பதில்லை. 5 ஜோடியை நடுவுக்கு இறக்கி, ஜாக்கியும் 5உமாக இரண்டு ஜோடி செய்திருந்தால் நடுவரிசை முன்வரிசையைத் தாங்கியிருக்கும். பின்னால் மூன்று 8கள் அதையும் தாங்கியிருக்கும். ஆனால் பின்வரிசையில் ஃப்ளஷும் ஃபுல் ஹவுஸும் சகஜமாக வரும் நால்வர் ஆட்டத்தில் மூன்று 8கள் நிற்பது கடினம். என் பரிந்துரை: ஃபுல் ஹவுஸைக் கலைக்காமல், ராஜா ஜோடியை நடுவிலும், ஜாக்கி ஜோடியை ஏஸுடன் முன்னாலும் வைப்பதே நலம்.

முன்வரிசையில் மூன்று சீட்டும் ஒரே பூவாகவோ அடுத்தடுத்த எண்ணாகவோ இருந்தால் அதற்கு ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் என்ற மதிப்பு கிடையாது என்பதை இன்னும் சிலர் ஏற்க மறுக்கின்றனர். பின்வரிசையை முதலில் அடுக்குங்கள். சீட்டைக் கவிழ்க்குமுன் முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொரு வரிசையின் பெயரையும் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். ஏறுமுகமாக வராவிட்டால் அப்போதே மாற்றலாம், கவிழ்த்த பின் முடியாது. இவ்வழக்கத்தை எழுதி மேசைதோறும் ஒட்டினேன். ஒட்டிய நாளன்று வந்திருந்தோர் இதைப் பின்பற்றுகின்றனர். வராதவர்களே இன்றும் ஃபவுல் செய்கின்றனர்.

வருகைபற்றி ஒரு வார்த்தை. நான்கு பேர் அமர்ந்தால் ஐம்பத்திரண்டு சீட்டும் பகிரப்பட்டுவிடும். மூவரே வந்தால் பதின்மூன்று சீட்டுகள் எவர் கையிலும் இல்லாமல் கிடக்கும். வராத சீட்டு யாரிடம் இருக்கும் என்று கணிப்பதில் பொருளில்லாமல் போகிறது. பெயர் கொடுத்துவிட்டு வராத நான்காமவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வரவுசெலவு பெருமளவில் சமநிலையில் உள்ளது. விவரங்களைப் பொருளாளர் கேட்போருக்குக் காட்டுவார். சந்தா நிலுவை வைத்திருப்போர் தம்மை அறிவர். புதிய சீட்டுக்கட்டுகள் வாங்கப்படாததற்குக் காரணமும் அதுவே. மூலை மடங்கிய இஸ்பேடு ஏஸை இப்போது எல்லோரும் பின்புறத்தைப் பார்த்தே அடையாளம் காண்கின்றனர்.

இடம் தந்த மன்றத்திற்கும் தேநீர் வழங்கியோருக்கும் நன்றி. அடுத்த ஆண்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்து ஆடும் வகையை அறிமுகப்படுத்த எண்ணியுள்ளேன். அதில் வைத்த சீட்டை நகர்த்த முடியாது என்பதால் ஃபவுல் இன்னும் எளிதாக நேரும். பயிற்சிக்கு இரண்டு மேசைகள் தேவை. இரண்டு மேசைகளுக்கு எட்டுப் பேரும், இரண்டு புதிய கட்டுகளும் வேண்டும். அவை கிடைக்குமாயின் செயலாளராகத் தொடர எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்